திங்கள் காலையில் போன வாரப் பட்டியல்: ஜிராவில் தானாக நகரும் தேதிகள்

எங்கள் அணியில் பாதிப் பேர் திங்கட்கிழமை காலையில் பெங்களூர் மடிவாளாவில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அலுவலகத்துக்கு வருகிறவர்கள். சேலம், திருச்சி, மதுரை என்று ஊருக்குப் போய்விட்டு, இரவு முழுக்கப் பயணம் செய்து, முகம் கழுவிய கையோடு பத்தரை மணிக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பைகள் மேசைக்கு அடியில் கிடக்கும். அந்தக் கூட்டத்தில் நடப்பது ஒன்றுதான். ஒவ்வொருவரும் தம் திரையில், வேலைகளை டிக்கெட்டுகளாகப் பதிந்துவைக்கும் ஜிராவில், ‘இந்த வாரம் முடிக்க வேண்டியவை’ என்ற பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழாகப் படிப்பார்கள்.

2025 ஜூன் 16 அன்றும் அப்படித்தான் நடந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த சேலத்துப் பெண் தன் முறை வந்ததும் ஆறு டிக்கெட்டுகளைப் படித்தாள். ஆறும் போன வாரத்தவை. “இவற்றைப் போன வாரமே பேசிவிட்டோமே அம்மா” என்றேன். “என் திரையில் இவைதான் இருக்கின்றன அண்ணா” என்றாள். எட்டிப் பார்த்தேன், அவள் சொன்னது உண்மை. நான் எழுதிச் சேமித்து எல்லோருக்கும் பகிர்ந்த அதே ஃபில்டர்தான், அதாவது அதே தேடல் வரி, ஓர் எழுத்துகூட மாறவில்லை. என் திரையில் ஜூன் 16 முதல் 22 வரை, அவள் திரையில் 9 முதல் 15 வரை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது அவளுடைய பட்டியல் தானாகவே சரியாகியிருந்தது. அதற்கு முந்தைய திங்களும் இப்படித்தான் நடந்ததாம். புதியவள் என்பதால் வாய் திறக்கவில்லை.

காரணத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் பட்டியலை எப்படி எழுதுவது என்று பார்க்கலாம். ஜிராவில் டிக்கெட் பார்க்க மட்டும் தெரிந்த, தேடல் வரி எழுதிப் பழகாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

தேதியை எழுதாமல் தேதியைச் சொல்வது

டிக்கெட்டுகளைத் தேடும் பக்கத்தில் `Basic`, `JQL` என்று இரண்டு முறைகள் இருக்கும். `JQL` என்பது ஜிராவின் தேடல் மொழி, அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீளமான பெட்டி வரும். நம் வேலை அங்கேதான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித் தொடங்குகிறார்கள்:

```
project = SUP AND due >= "2025-06-16" AND due <= "2025-06-22"
```

`SUP` என்ற இடத்தில் உங்கள் திட்டத்தின் சுருக்கப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். `due` என்பது டிக்கெட்டின் கெடு தேதி. இந்த வரியில் பிழை ஏதும் இல்லை, ஆனால் ஆயுள் ஒரு வாரம்தான். அடுத்த திங்களன்று திறந்து, இரண்டு தேதிகளையும் திருத்தி, மறுபடி சேமிக்க வேண்டும். மூன்றாவது வாரம் மறந்துவிடும். சேமித்த ஃபில்டர்களின் பட்டியலில் ‘ஜூன் வாரம் 2’, ‘ஜூன் வாரம் 3 புதியது’ என்று குப்பை சேர்வது இப்படித்தான்.

தேதி இருந்த இடத்தில் அதைக் கணக்கிடும் செயற்கூற்றை வைத்தால் இந்த வேலை மிச்சம்:

```
project = SUP AND due >= startOfWeek() AND due < startOfWeek("1w")
```

`startOfWeek()` என்றால் இந்த வாரத்தின் முதல் நாள், நள்ளிரவு 12 மணி. அடைப்புக்குள் `"1w"` என்று போட்டால் அங்கிருந்து ஒரு வாரம் தள்ளி, அதாவது அடுத்த வாரத்தின் முதல் நாள். `"-1w"` என்றால் போன வாரத்தின் முதல் நாள். `"3d"` என்றால் வாரத் தொடக்கத்திலிருந்து மூன்று நாள் தள்ளி. இதே குடும்பத்தில் `startOfDay()`, `startOfMonth()`, `startOfYear()` உண்டு, முடிவைச் சொல்ல `endOfWeek()` போன்றவையும் உண்டு. அலகை விட்டுவிட்டு `startOfWeek(1)` என்று எழுதினாலும் அது வாரத்தையே எடுத்துக்கொள்ளும். ஆனாலும் அலகை மேற்கோள் குறிக்குள் எழுதிவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்துப் படிக்கப்போகிறவர் தலையைச் சொறிய வேண்டாம்.

மேல் எல்லைக்கு `<= endOfWeek()` என்று எழுதாமல் `< startOfWeek("1w")` என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கெடு தேதிக்கு இரண்டும் ஒன்றுதான், அதில் நேரம் கிடையாது, நாள் மட்டுமே உண்டு. டிக்கெட் உருவான நேரம், முடிந்த நேரம் போன்றவை மணி, நிமிடத்தோடு பதிவாகின்றன. ஒரு வாரத்தின் தொடக்கத்தில் ஆரம்பித்து அடுத்த வாரத்தின் தொடக்கத்துக்குச் சற்று முன்பு நிறுத்துவது என்று பழகிவிட்டால், எந்தத் தேதியை வைத்துத் தேடினாலும் எல்லையில் எதுவும் விழாது. கையால் தேதி எழுதும்போது இந்த எல்லைதான் ஆளைக் கவிழ்க்கும். `created <= "2025-06-22"` என்று எழுதினால் 22ஆம் தேதி உருவானவையும் வரும் என்று நினைப்போம். வராது. நேரம் சொல்லாத தேதியை ஜிரா அன்றைய நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது, ஆகவே 22ஆம் தேதி பகலில் வந்தவை எல்லாம் வெளியே நின்றுவிடும்.

இன்னொரு வடிவமும் பலர் கையில் இருக்கிறது: `created >= -7d`. எழுதச் சுருக்கமாக இருக்கிறது, ஆனால் அதன் பொருள் வேறு. ‘இந்த நொடியிலிருந்து பின்னோக்கி ஏழு நாள்’ என்று அது சொல்கிறது. திங்கள் பத்தரைக்குத் திறந்தால் போன திங்கள் பத்தரையிலிருந்து கணக்கு. பதினொன்றுக்குத் திறந்தால் கணக்கும் அரை மணி நகர்ந்திருக்கும். காலையில் மேலாளரிடம் 41 என்று சொன்ன எண் மாலையில் 38 ஆகி, யார் அழித்தார்கள் என்று விசாரணை நடந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் எதையும் அழிக்கவில்லை, அந்த ஏழு நாள் சன்னல் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ‘அண்மையில் வந்தவை’ என்று மேலோட்டமாகப் பார்க்க அந்த வடிவம் போதும். வாரக் கணக்கு சொல்ல வேண்டிய இடத்தில் வேண்டாம்.

கீழ் எல்லை எதற்கு?

மேலே எழுதிய வரி அழகாக இருக்கிறது. ஆனால் அதை வேலைப் பட்டியலாக வைத்துக்கொண்டால் மோசம் போவீர்கள். முதல் இரண்டு மாதம் நானே அப்படித்தான் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை, ஜூன் 13 கெடு உள்ள ஒரு டிக்கெட்டை நீங்கள் முடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு போயிற்று. திங்கள் காலை பட்டியலைத் திறக்கிறீர்கள். `due >= startOfWeek()` என்ற நிபந்தனை இப்போது ‘ஜூன் 16 அல்லது அதற்குப் பிறகு’ என்று பொருள்படுகிறது. 13ஆம் தேதி டிக்கெட் அதற்குள் வராது, பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். எது மிக அவசரமோ அதுவே கண்ணில் படாது. தேதியைக் கையால் திருத்திய காலத்தில், திருத்தும் சாக்கிலாவது பழைய பட்டியலை ஒருமுறை பார்த்தோம். இப்போது அதுவும் இல்லை.

செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலுக்கு மேல் எல்லை மட்டும் போதும். கீழ் எல்லையின் இடத்தில் ‘இன்னும் முடியாதவை’ என்ற நிபந்தனையை வையுங்கள்:

```
project = SUP AND assignee = currentUser()
AND statusCategory != Done
AND due < startOfWeek("1w")
ORDER BY due ASC
```

இந்த வார இறுதிக்குள் கெடு வருகிறவை, ஏற்கெனவே கெடு தாண்டியவை இரண்டும் இதில் வரும். பழையது மேலே நிற்கும். `currentUser()` என்பதும் தேதிச் செயற்கூறு போலவே திறக்கிறவரைப் பொறுத்து மாறும், ஆகவே ஒரே ஃபில்டரை அணி முழுவதும் பயன்படுத்தலாம். `statusCategory` என்பதை வைத்ததற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு திட்டமும் தன் நிலைகளுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கும், ‘மூடியது’, ‘வெளியிட்டது’, ‘கைவிட்டது’ என்று. வகைகள் மூன்றே மூன்று, முடிந்தவை எல்லாம் `Done` என்ற வகைக்குள் அடங்கிவிடும்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கெடு தேதியே போடாத டிக்கெட் எந்தத் தேதி ஒப்பீட்டிலும் சிக்காது. காலியான தேதி எதையும்விட முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை. அவையும் வேண்டுமென்றால் தேதி நிபந்தனையை அடைப்புக்குள் போட்டு இப்படி விரிக்க வேண்டும்:

```
AND (due < startOfWeek("1w") OR due IS EMPTY)
```

அடைப்பை விட்டுவிட்டால் ஊரில் உள்ள கெடு இல்லாத டிக்கெட் எல்லாம், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவை உட்பட, வந்து குவியும். `AND` முதலில் சேரும், `OR` பிறகுதான் பிரியும் என்பது இங்கே விதி. பட்டியல் திடீரென்று ஆயிரக்கணக்கில் போனால் முதலில் அடைப்பைப் பாருங்கள். என் விருப்பம் இதைத் தனி ஃபில்டராக வைத்து வாரத்துக்கு ஒருமுறை திறந்து, கெடு இல்லாதவற்றுக்குக் கெடு போட்டுவிடுவது. ஒரே பட்டியலில் கலந்தால் அவை அடியில் கிடந்து ஊறும்.

இரு பக்கமும் எல்லை தேவைப்படுவது அறிக்கைக்கு. ‘போன வாரம் என்னென்ன முடித்தோம்?’ என்ற கேள்விக்கு:

```
project = SUP
AND resolved >= startOfWeek("-1w")
AND resolved < startOfWeek()
ORDER BY resolved DESC
```

டிக்கெட்டுகள் முடிந்திருந்தும் இது வெறுமையாக வந்தால், உங்கள் திட்டத்தின் வேலை ஓட்டத்தில் நிலை மாறும்போது, டிக்கெட் எப்படி முடிந்தது என்று சொல்லும் `resolution` புலம் நிரப்பப்படவில்லை என்று பொருள். நிர்வாகியிடம் சொல்லித் திருத்தும்வரை `resolved` நிபந்தனைகள் இரண்டுக்கும் பதிலாக நிலை மாறிய நேரத்தைக் கேட்கலாம்: `status CHANGED TO "Done" DURING (startOfWeek("-1w"), startOfWeek())`. இங்கே `Done` என்பது வகை அல்ல, நிலையின் பெயர், அந்த இடத்தில் உங்கள் திட்டத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு டிக்கெட்டை முடித்துவிட்டு மறுபடி திறந்திருந்தாலும் அது இதில் வந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எழுதியாயிற்று என்றால் `Save filter` பொத்தானை அழுத்திப் பெயர் கொடுங்கள். பெயரில் மாதம், வாரம் எதுவும் வேண்டாம். ‘என் வாரப் பாக்கி’, ‘போன வாரம் முடித்தவை’ என்று இருக்கட்டும். அடுத்தவர்களும் பார்க்க வேண்டுமென்றால் பகிரும் அமைப்பில் திட்டத்தையோ குழுவையோ சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் டாஷ்போர்டில் அழகாகத் தெரிகிற பட்டியல் அவர்களுக்குத் தெரியாது.

வாரம் எப்போது பிறக்கிறது

இப்போது சேலத்துப் பெண்ணின் திரைக்கு வருவோம். ஃபில்டரைச் சேமிக்கும்போது அதனுள் தேதி எதுவும் சேமிக்கப்படுவதில்லை, `startOfWeek()` என்ற சொல் மட்டும்தான் போகிறது. யார் திறக்கிறாரோ அவருக்காக, அவர் திறக்கும் அந்த நொடியில்தான் அது தேதியாக மாறுகிறது. அப்படி மாறும்போது அவருடைய கணக்கில் உள்ள நேர மண்டலத்தையும் மொழி, வட்டார அமைப்பையும் பார்க்கிறது. நேர மண்டலத்தைத் தனியாக அமைக்காதவருக்கு அந்த ஜிரா அமைப்பின் பொது நேர மண்டலம் பொருந்தும்.

எங்கள் வாடிக்கையாளர் அமெரிக்க மேற்குக் கரையில் இருக்கிறார். ஜிராவும் அவர்களுடையது, பொது நேர மண்டலம் லாஸ் ஏஞ்சலிஸ். நான் சேர்ந்த புதிதில் என் கணக்கை இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜூன் மாதத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. பெங்களூரில் திங்கள் காலை 10:30 என்றால் அங்கே ஞாயிறு இரவு 10 மணி. அவள் கணக்கைப் பொறுத்தவரை அன்றைக்கு இன்னும் ஜூன் 15, அந்த வாரம் ஜூன் 9 திங்களில் பிறந்தது. ஆகவே 9 முதல் 15 வரையிலான பட்டியலைக் காட்டியதில் ஜிராவின் குற்றம் எதுவும் இல்லை. அங்கே நள்ளிரவு 12 ஆகும்போது இங்கே மதியம் 12:30. அந்த நிமிடத்தில் அவளுக்கு வாரம் மாறியது. நாங்கள் சாப்பிடப் போயிருந்தோம்.

குளிர்காலத்தில் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள், அப்போது இடைவெளி பதின்மூன்றரை மணி. பட்டியல் மாறும் நேரம் 1:30 ஆகிவிடும். ‘சில மாதங்களில் பன்னிரண்டரைக்குச் சரியாகிறது, சில மாதங்களில் ஒன்றரைக்கு’ என்று யாராவது உங்களிடம் முறையிட்டால், நேர மண்டலத்தைத் தவிர வேறெதையும் தேட வேண்டாம்.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். சோதனைக்கு ஒரு டிக்கெட் உருவாக்குங்கள். அதில் உருவாக்கிய நேரம் ‘சில நொடிகளுக்கு முன்பு’ என்று இருந்தால் அதன்மேல் சுட்டியை நிறுத்துங்கள், முழு நேரம் தெரியும். சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போனால் சரி. காலை 10:30க்கு உருவாக்கியது முந்தைய நாள் இரவு 10 மணி என்று காட்டினால் உங்கள் கணக்கு அமெரிக்காவில் இருக்கிறது. மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைச் சொடுக்கி, கணக்கு அமைப்புகளுக்குப் போய், `Time zone` என்ற இடத்தில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் அது பெரும்பாலும் கொல்கத்தாவின் பெயரில்தான் இருக்கும். பெங்களூர் என்று தேடிக் கிடைக்கவில்லையே என்று திகைக்க வேண்டாம், இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம்தான்.

அடுத்தது வாரத்தின் முதல் நாள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் ஞாயிற்றில் தொடங்குகிறது. குழந்தைகளுக்கும் ஞாயிறு, திங்கள் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். அலுவலகத்தில் மட்டும் வாரம் திங்களில் தொடங்கி ஞாயிற்றில் முடிவதாக நினைக்கிறோம். ஜிராவும் இப்படி இரண்டு மனதாகத்தான் இருக்கிறது. அமெரிக்க வழக்கப்படி ஞாயிறு முதல் நாள், ஐரோப்பிய வழக்கப்படி திங்கள். எது உங்களுக்குப் பொருந்துகிறது என்பது கணக்கின் மொழி, வட்டார அமைப்பைப் பொறுத்தது. எங்கள் அணியிலேயே அமெரிக்க ஆங்கிலம் வைத்தவர்களும் பிரிட்டிஷ் ஆங்கிலம் வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

உங்களுக்கு எது என்று ஊகிக்காதீர்கள், சோதித்துவிடுங்கள். இந்த வாரத்தை ஒட்டி, ஒரு டிக்கெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கெடுவும் இன்னொன்றுக்கு மறுநாள் திங்கள் கெடுவும் போடுங்கள். எங்கள் கதையில் அவை ஜூன் 15, 16. பிறகு இதை ஓட்டுங்கள்:

```
due >= startOfWeek() AND due < startOfWeek("1d")
```

வாரத்தின் முதல் நாளை மட்டும் இது வெட்டி எடுக்கும். 15ஆம் தேதி டிக்கெட் வந்தால் உங்கள் வாரம் ஞாயிற்றில் பிறக்கிறது, 16 வந்தால் திங்களில். இரண்டுமே வராவிட்டால் நேர மண்டலச் சோதனையை முதலில் முடியுங்கள்.

ஞாயிறு என்று வந்து, உங்களுக்குத் திங்கள் வேண்டுமென்றால், வரிக்குள்ளேயே ஒரு நாள் தள்ளிவிடலாம்:

```
due >= startOfWeek("1d") AND due < startOfWeek("8d")
```

போன வாரத்துக்கு `"-6d"` முதல் `"1d"` வரை. வாரத்தையும் நாளையும் ஒரே அடைப்புக்குள் சேர்த்து எழுத முடியாது, அதனால்தான் எல்லாவற்றையும் நாள் கணக்கில் எழுதியிருக்கிறேன். இந்தத் தந்திரத்தை இணையத்திலும் அலுவலகத்திலும் பலர் கைமாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் அது வாரத்தில் ஆறு நாள்தான் சரி. ஏழாவது நாளை யாரும் சொல்வதில்லை.

எங்களிடம் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் முறைப்பணியில் இருப்பார். ஜூன் 22 ஞாயிறு அவர் ‘இந்த வாரம் முடித்தவை’ என்ற அறிக்கையைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அன்று 16இல் தொடங்கிய வாரத்தின் கடைசி நாள். ஞாயிற்றை முதல் நாளாகக் கொண்ட கணக்கிலோ காலையிலேயே புது வாரம் பிறந்துவிட்டது. `startOfWeek()` இப்போது 22, `startOfWeek("1d")` 23. அறிக்கை நாளையிலிருந்து அடுத்த ஞாயிறுவரை முடித்தவற்றைக் கேட்கிறது. இனிமேல் முடிக்கப்போவதை யார் பட்டியலிட முடியும்? வெறும் திரைதான் வரும். ஞாயிறுகளில் மட்டும் அறிக்கை காலியாகிறது என்றால் இதுதான் காரணம். மேல் எல்லை மட்டும் உள்ள பாக்கிப் பட்டியலில் சேதம் குறைவு, அடுத்த வாரத்து டிக்கெட்டுகளும் ஒருநாள் முன்னதாக எட்டிப் பார்க்கும்.

ஆகவே வரிக்குள் கணக்குப் போடுவதைவிட அணியில் எல்லோருடைய அமைப்பையும் ஒன்றாக்கிவிடுவது மேல் என்பது என் கட்சி. நாங்கள் அப்படித்தான் செய்தோம். எல்லோரும் இந்திய நேரம், எல்லோரும் திங்களில் தொடங்கும் வட்டார அமைப்பு, மாற்றியபின் மேலே சொன்ன ஒருநாள் சோதனை. மூன்றுக்கும் சேர்த்து ஆளுக்கு ஐந்து நிமிடம். இப்போது புதிதாக ஒருவர் சேர்ந்தால் மடிக்கணினி வாங்கித் தருகிற அன்றே இதையும் முடித்துவிடுகிறோம். அவரவர் அமைப்பை மாற்ற அனுமதி இல்லாத இடத்தில் மட்டும் `"1d"`, `"8d"` வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரின் விளக்கத்தில் ‘ஞாயிறன்று நம்ப வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இன்னும் இரண்டு குழிகள்

ஒன்று எழுத்தின் அளவு. மாதத்துக்குப் பெரிய `M`, நிமிடத்துக்குச் சிறிய `m`. போன மாதத்தின் தொடக்கம் வேண்டுமென்று `startOfMonth("-1m")` என்று அடித்தால் ஜிரா முகம் சுளிக்காது, பிழைச் செய்தியும் தராது. மாதத் தொடக்கத்திலிருந்து ஒரே ஒரு நிமிடம் பின்னால் போகும், அதாவது போன மாதக் கடைசி நாள் இரவு 11:59. உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய இந்த மாதத்துப் பட்டியல். இரண்டு மாதத்துக்குரிய அறிக்கை பாதியாக இளைத்திருந்தால் அந்த எழுத்தைப் பாருங்கள்.

இன்னொன்று விடுமுறை. இந்தச் செயற்கூறுகளுக்குக் கிழமை தெரியும், வேலை நாள் தெரியாது. திங்களில் தொடங்கும் அமைப்பில் வெள்ளிவரை மட்டும் வேண்டுமென்றால் `due <= endOfWeek("-2d")` என்று ஞாயிற்றிலிருந்து இரண்டு நாள் பின்வாங்கலாம். ஆனால் நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம் என்பதோ, பொங்கலுக்குப் பாதி அணி ஊரில் இருக்கும் என்பதோ அதற்குத் தெரிய வழியில்லை. கெடுவைப் போடும்போதே நாம்தான் பார்த்துப் போட வேண்டும்.

டாஷ்போர்டில் இந்த ஃபில்டரை வைத்தாலும் விதி அதேதான், பார்க்கிறவரின் கணக்குதான் தேதியைத் தீர்மானிக்கிறது. எங்கள் தளத்தின் நுழைவாயிலில் ஒரு பெரிய தொலைக்காட்சித் திரை இருக்கிறது, வாரப் பாக்கி அதில் ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் எல்லோரும் அமைப்பை மாற்றிய பிறகும் அந்தத் திரை மட்டும் திங்கள் மதியம்வரை பழைய வாரத்திலேயே நின்றது. அதில் நுழைந்திருந்தது யாருடைய கணக்கும் அல்ல, திரைக்கென்றே யாரோ எப்போதோ உருவாக்கிய பொதுக் கணக்கு. கடவுச்சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. நேர மண்டலத்தை மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கணக்கில் `currentUser()` உள்ள ஃபில்டரைப் போட்டால் எதுவும் வராது என்பதும் அப்போதுதான் உறைத்தது, திரையின் பெயரில் யாரும் டிக்கெட் ஒதுக்குவதில்லை. அதற்கு மட்டும் `assignee` வரியை எடுத்துவிட்டுத் தனியாக ஒரு ஃபில்டர் சேமித்துவைத்திருக்கிறோம்.